எஸ்பிரெஸோ மெஷின்: ஓடவிடும் முன் படியுங்கள்
(ஏற்காடு வீடு, சமையலறை. இந்த அட்டை மெஷின் பக்கத்து ஆணியிலேயே தொங்கட்டும்.)

அவசரமாக இருந்தால் இந்த மூன்றை மட்டும்

சிக்கரி கலந்த தூள் இதில் போடக்கூடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. பால் நுரைத்த கையோடு காபி இறக்கக்கூடாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் மெஷின் பெரும்பாலும் தொல்லை தராது. காரணங்கள் கீழே அந்தந்த இடத்தில் இருக்கின்றன.

முன்பக்கம்: காபி போட

மெஷினின் முகத்தில் மூன்று சுவிட்சுகள். இடது பவர், நடு காபி, வலது ஸ்டீம். பக்கவாட்டில் இருக்கும் கறுப்புத் திருகு ஸ்டீம் குழாயைத் திறக்க.

1. பின்னால் இருக்கும் தொட்டியில் 20 லிட்டர் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பாதிக்குக் கீழே இறங்கவிட வேண்டாம். இங்கே குழாயில் வருவது போர் தண்ணீர், சுண்ணாம்பு அதிகம். குளியலறை ஷவர் துளைகளில் படிந்திருக்கும் வெள்ளையைப் பாருங்கள். அதே படிவு பாய்லருக்குள் பிடித்தால் துடைத்து எடுக்க வழியில்லை.

2. ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிந்த பிறகு பவர் சுவிட்சைப் போடுங்கள். காலிக் கைப்பிடியை (மரப்பிடி வைத்த போர்ட்டாஃபில்டர்) மெஷினிலேயே மாட்டி வைத்து 20 நிமிடம் விடுங்கள். ஐந்தே நிமிடத்தில் விளக்கு எரிந்து ‘தயார்’ என்று சொல்லும். நம்ப வேண்டாம். அது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. கைப்பிடியின் கனமான பித்தளை அப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். இறங்கும் காபியின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும், காபி புளிக்கும். பல் துலக்கப் போகும்போது சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

3. கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். குட்டித் தராசில் கைப்பிடியை வைத்துப் பூஜ்யம் செய்து, கிரைண்டரிலிருந்து 18 கிராம் தூள் பிடியுங்கள். அரை கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. 20 போட்டால் தூள் மேலே இருக்கும் சல்லடையில் முட்டும்.

4. கட்டி இருந்தால் பல்குச்சியால் கிளறிச் சமன் செய்யுங்கள். பிறகு டேம்பரால் நேராக ஒரே அழுத்து. பலம் முக்கியமில்லை, சாயாமல் இருப்பதுதான் முக்கியம். சாய்ந்து அழுத்தினால் தண்ணீர் மெலிந்த பக்கமாகவே ஓடிவிடும், அடுத்த பக்கத் தூள் ஊறாமலே கிடக்கும். கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிய தூளை விரலால் வழித்துவிடுங்கள்.

5. கைப்பிடியை மாட்டும் முன் காபி சுவிட்சை மூன்று விநாடி போட்டு வெறும் தண்ணீர் விடுங்கள். பிறகு மாட்டி, பிடி உங்களை நேராகப் பார்க்கும் வரை வலப்பக்கம் திருப்புங்கள். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் வளையம் நசுங்கும்.

6. தராசைத் தட்டின் மேல், தராசின் மேல் கோப்பை. பூஜ்யம் செய்து, காபி சுவிட்சைப் போட்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஆறு முதல் ஒன்பது விநாடிக்குள் முதல் சொட்டு. பிறகு எலிவால் கனத்தில் பழுப்புத் தாரை. தராசு 34 காட்டும்போது நிறுத்துங்கள். மிச்சம் சொட்டி 36 கிராமில் நிற்கும். மொத்தம் 25 முதல் 30 விநாடி.

7. நிறுத்தியதும் தட்டுக்குள் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். உள்ளே தங்கிய அழுத்தம் வெளியேறுகிறது. அது அடங்கிய பிறகே கைப்பிடியைக் கழற்றுங்கள். காபி வில்லையைத் தட்டுப்பெட்டியின் குறுக்குக் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் முழுதாக விழும். சிங்க்கில் கொட்டாதீர்கள். மலைச்சரிவில் போகும் குழாய் இது, அடைத்தால் ஆள் வர ஒரு நாள் ஆகும். பெட்டி நிறைந்தால் வாசல் ரோஜாச் செடிகளுக்குப் போடலாம்.

தூள் பற்றி

கிரைண்டரில் இருப்பது சேர்வராயன் மலைத் தோட்டத்து அரபிகா, மிதமான வறுவல், சிக்கரி இல்லாதது. வறுத்த தேதி டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிறது. வீட்டிலிருந்து ஃபில்டர் காபித் தூள் கொண்டு வந்திருப்பீர்கள், அதை இதில் போட்டுப் பார்க்க ஆசையும் வரும். வேண்டாம். சிக்கரி தண்ணீர் பட்டதும் கரைந்து பிசுபிசுப்பாகும். ஃபில்டரில் அந்தக் குழகுழப்புதான் டிகாக்‌ஷனுக்குக் கனம் தருகிறது. இங்கே மேலிருந்து ஒன்பது பார் அழுத்தம் இறங்கும்போது அதே பசை சல்லடைக் கண்களை அடைத்துவிடும், காபியும் இறங்காது. உங்கள் தூளுக்காகவே மேல் அலமாரியில் பித்தளை ஃபில்டரும் இரண்டு டபரா செட்டும் வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், காலைப் பனியில் அதுவும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

கிரைண்டர் எண் 9-ல் இருக்கும். மாற்றுவதானால் அது ஓடும்போது மட்டும், ஒரு நேரத்தில் அரை எண். நிறுத்திவைத்துக் குறைத்தால் பற்களுக்கு நடுவே கொட்டை சிக்கி இறுகிவிடும். மாற்றிய பிறகு முதலில் வரும் ஐந்தாறு கிராம் பழைய அளவிலேயே இருக்கும், அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். மழை நாளில் அதே எண்ணில் அரைத்தாலும் காபி இறங்கும் வேகம் மாறும். அப்போது எண்ணைத் தொடத் தயங்க வேண்டாம்.

பால் நுரைக்க

காபியை முதலில் இறக்கிவிட்டுப் பாலுக்கு வாருங்கள். ஒரே பாய்லர்தான் இரண்டு வேலையும் பார்க்கிறது.

ஃபிரிட்ஜில் வைத்த பாக்கெட் பால் நேராகவே போதும். ஆவின் பச்சை நன்றாக நுரைக்கும், ஆரஞ்சு இன்னும் கெட்டியாக வரும். காய்ச்சிய பால்தான் வேண்டுமென்றால் குளிரவைத்து, ஆடையை வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். ஆடை ஸ்டீம் குழாயின் நுனித் துளைக்குள் ஏறினால் காய்ந்து கல்லாகிவிடும்.

சிறிய ஜக்கில் 150 மில்லி, அதாவது மூக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை. ஸ்டீம் சுவிட்சைப் போட்டு விளக்கு எரியும் வரை காத்திருங்கள். குழாயைத் தட்டுப் பக்கம் திருப்பி ஒருமுறை திறந்தால் முதலில் தண்ணீர் துப்பும். வெறும் ஆவி வந்ததும் மூடுங்கள். நுனியைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே, ஓரமாக வைத்து முழுதாகத் திறக்கவும். துணி கிழிகிற மாதிரி ‘சர்ர் சர்ர்’ என்று நான்கைந்து விநாடி கேட்கவேண்டும். பிறகு ஜக்கை ஒரு விரற்கடை உயர்த்துங்கள். சத்தம் அடங்கிப் பால் சுழலத் தொடங்கும். அலறல் மாதிரிச் சத்தம் வந்தால் நுனி ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. பெரிய குமிழி தெறித்தால் ரொம்ப மேலே.

ஜக்கின் அடியில் உள்ளங்கையை வைத்து மூன்று விநாடி தாங்க முடியவில்லை என்றால் 60 முதல் 65 டிகிரி. திருகை மூடிவிட்டுத்தான் ஜக்கை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பால் சுவரில். 70-ஐத் தாண்டினால் பாலின் தித்திப்பு போய்க் காய்ச்சிய வாடை வந்துவிடும். ஆவி பறக்கக் குடிப்பவர்கள் பாலைக் கொதிக்கவிடுவதற்குப் பதில் கோப்பையை வெந்நீரில் முக்கி எடுங்கள்.

உடனே ஈரத் துணியால் குழாயைத் துடைத்து, ஒரு விநாடி ஆவி விட்டு உள்ளே ஏறிய பாலை வெளியே தள்ளுங்கள். நீலத் துணி இதற்கு மட்டும்.

அடுத்த கோப்பைக்கு முன்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஸ்டீம் போட்ட பாய்லர் காபிக்கு வேண்டியதைவிடப் பல டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். அப்படியே காபி இறக்கினால் கருகிய கசப்பு. ஆவியாகப் போன அளவு தண்ணீரும் உள்ளே குறைந்திருக்கும். குறைந்தபடியே விட்டால் சூடேற்றும் சுருள் கெடும்.

ஸ்டீம் சுவிட்சை அணைத்து, கைப்பிடி இல்லாமல், கீழே ஒரு குவளை வைத்துக் காபி சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு ஆவியோடு தெறிக்கும். தெறிப்பு நின்று அமைதியான தாரையாகும் வரை விடுங்கள், சுமார் ஒரு குவளை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே சீறல் நின்றது என்றால் தண்ணீர் 95-க்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள், காபிக்கு வேண்டியதும் அதுதான். சேலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு வசதியாக அமையாது. தனியாகத் தெர்மாமீட்டர் தேட வேண்டாம், காதே போதும்.

பின்பக்கம்: சரியாக வரவில்லையா?

*பத்துப் பன்னிரண்டு விநாடியில் மளமளவென்று கொட்டுகிறது, வெளிறி, புளிப்பு:* தூள் கொரகொரப்பு, அல்லது 18 கிராம் இல்லை. முதலில் எடையைப் பாருங்கள், பிறகு கிரைண்டரை அரை எண் குறையுங்கள்.

*15 விநாடி ஆகியும் சொட்டு இல்லை:* தூள் மிக நைசு. சுவிட்சை அணைத்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டுக் கைப்பிடியைத் திருகினால் சூடான தூள் முகத்தில் அடிக்கும். இந்த மெஷினில் பெரிய ஆபத்து இது ஒன்றுதான்.

*கைப்பிடியின் ஓரமாக ஒழுகுகிறது:* விளிம்பில் தூள் ஒட்டியிருக்கும், துடைத்து மறுபடி மாட்டுங்கள். அப்போதும் ஒழுகினால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது, எங்களிடம் சொல்லுங்கள்.

*பம்ப் இரைகிறது, தண்ணீர் வரவில்லை:* தொட்டி காலி, அல்லது உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாய் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. சரிசெய்து, ஸ்டீம் திருகைத் திறந்து அடியில் குவளை வைத்துக் காபி சுவிட்சைப் போட்டால் காற்று வெளியேறித் தண்ணீர் பிடிக்கும். 20 விநாடிக்குள் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

*மெஷின் செத்துக் கிடக்கிறது:* இது 1,400 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், அதே லைன். கூடவே டோஸ்டரும் ஓடினால் எம்சிபி விழுந்துவிடும். பெட்டி கதவுக்குப் பின்னால், இடமிருந்து மூன்றாவது. கரண்ட் போனால் பவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் இந்த பிளக் இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம், விளக்கும் சேர்ந்து போய்விடும்.

*சுட்டுக்கொண்டால்:* 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மசி எதுவும் வேண்டாம். முதலுதவிப் பெட்டி ஃபிரிட்ஜ் மேல். குழந்தைகள் இருந்தால் ஸ்டீம் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். அணைத்து அரை மணி வரை சுடும்.

தினமும் இரவில்

சொட்டுத் தட்டைக் கொட்டிக் கழுவுங்கள். சல்லடைக் கிண்ணத்துக்கு வெந்நீரும் ஸ்பாஞ்சும் போதும், கம்பி நார் வேண்டாம். வினிகர், சோப்பு எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். உட்புறம் சுத்தம் செய்வது எங்கள் வேலை, நீங்கள் கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்கிறோம். கைப்பிடியை இறுக்காமல் தொங்கவிட்டு, ஸ்டீம் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்து, பவரை அணைத்து பிளக் சுவிட்சையும் அணையுங்கள்.

கொட்டை தீர்ந்தால் கீழ் வீட்டுப் பராமரிப்பாளர் அண்ணனிடம் கேளுங்கள், இண்டர்காம் 2. காலை 6 மணியிலிருந்து இருப்பார்.