பொருள்: அறுபதாம் கல்யாணப் படத்தில் 1992 காட்சிகள் மங்கலாகத் தெரிவது குறித்து

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று இரவு நீங்கள் அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திருக்கடையூர்க் காட்சிகள் கண்ணாடி போல இருக்கின்றன, அப்பா அம்மாவின் பழைய கல்யாணம் மட்டும் ஈரத் துணி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது, கனடாவில் தம்பி பெரிய டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு "அண்ணன் ஏதோ சுருக்கி அனுப்பிவிட்டார்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எதையும் சுருக்கவில்லை. பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒரே கோப்பில், ஒரே தரத்தில்தான் வந்திருக்கின்றன. அந்த மங்கல் கேசட்டிலேயே இருப்பது. ஆனால் அது அவ்வளவு உறுத்தும்படி ஆனதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்தது வி.எச்.எஸ். கேசட். அரை அங்குல அகல நாடா. அதில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகும். வெளிச்சத்தின் கூர்மையை 240 கோடுகள் என்று எங்கள் தொழிலில் கணக்குச் சொல்வோம். நிறத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குதான் தேறும், நாற்பது கோடு அளவு. நாடாவில் இடம் குறைவு, கண்ணோ வெளிச்சத்தைத்தான் கூர்ந்து பார்க்கும். அதனால் நிறத்தில் கை வைத்துச் சிக்கனம் செய்துவிட்டார்கள். அம்மாவின் அரக்குக் கூறைப்புடவையைப் பாருங்கள். சிவப்பு சரிகையைத் தாண்டி வலது பக்கமாக வழிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கிறது. அது கேமராமேன் செய்த பிழையோ, நான் நிறம் கூட்டியதோ இல்லை. அந்தக் காலக் கேசட்டில் சிவப்பு எப்போதும் இப்படித்தான் கரை மீறும்.

இப்போது அளவைப் பாருங்கள். அந்தக் கேசட்டை முழுமையாகக் கணினிக்கு எடுத்தால் 720க்கு 576 புள்ளிகள் கிடைக்கும், மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். திருக்கடையூரில் நான் எடுத்தது 4கே, 3840க்கு 2160. கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். பழைய படத்தை இழுத்து முகங்களைக் குண்டாக்காமல், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விட்டுப் பழைய வடிவத்திலேயே வைத்திருக்கிறேன். அப்படியும் ஒரு புள்ளி இருந்த இடத்தைப் பதினைந்து புள்ளிகளால் நிரப்ப வேண்டியிருக்கிறது. நடுவில் இல்லாததைக் கணினி அக்கம்பக்கம் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுகிறது. அதைத்தான் நீங்கள் ஈரத் துணி என்கிறீர்கள். கலசத் தண்ணீரை ஊற்றும்போது அம்மாவின் நெற்றியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துளியும் தெரிகிற காட்சிக்குப் பக்கத்தில் இதை வைத்தால், பாவம், இது என்ன செய்யும்.

இதே கேசட்டை 1992இல் உங்கள் வீட்டில் எத்தனை முறை ஓட்டியிருப்பார்கள்! அப்போது ஒருவரும் மங்கல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 21 அங்குல டிவி, எட்டடி தள்ளி ஜமக்காளத்தில் உட்கார்ந்து பார்த்த கூட்டம். அந்தப் பழைய குழாய் டிவியின் திரையும் ஓரங்களைத் தானே கொஞ்சம் மென்மையாக்கிக் காட்டும், அதனால் கேசட்டின் குறையும் டிவியின் குறையும் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. தம்பி பார்ப்பது 65 அங்குலம். அதில் எதுவும் மறைவதில்லை.

இன்னொரு காரணம் உங்கள் கேசட்டுக்கே உரியது. என்னை அதிகம் வருத்தியதும் அதுதான். அந்தக் காலத்தில் கல்யாண வீடியோ எப்படித் தயாரானது என்பது எனக்குத் தெரியும். 1996இல் நான் இந்தத் தொழிலுக்கு லைட் பிடிக்கும் பையனாக வந்தேன், ஆயிரம் வாட் விளக்கின் சூட்டில் கை கருகியவன். மண்டபத்தில் எடுத்தது ஒரு கேசட். கடையில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்து, இதயத்துக்குள் மணமக்கள் முகம் வைத்து, பாட்டுப் போட்டு இறக்கியது இரண்டாவது கேசட். அதிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று பதிந்தது மூன்றாவது. ஒவ்வொரு பதிவிலும் கூர்மை கொஞ்சம் போகும், பொடிப்பொடியான இரைச்சல் கொஞ்சம் ஏறும். கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் நகல் எழுதுவது போல. மூன்றாம் கையெழுத்தில் எழுத்து இருக்கும், அழகு இருக்காது. உங்களிடம் இருப்பது இந்த மூன்றாவது கேசட்தான். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் "பெண் வீடு" என்று எழுதியிருப்பதிலிருந்து அது தெரிகிறது.

இதற்கு ஒரு சாட்சி உங்கள் படத்திலேயே இருக்கிறது. 2003இல் எடுத்த தம்பியின் காதுகுத்து "பரவாயில்லை, பார்க்கும்படி இருக்கிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நாடாதான், மினி டி.வி. என்ற சின்ன கேசட். புள்ளிக் கணக்கும் அதே 720க்கு 576. ஆனால் அதில் எண்களாகப் பதிவாகிறது. பிரதி எடுத்தாலும் தேய்வதில்லை, நிறமும் இவ்வளவு ஓடுவதில்லை. அதனால்தான் அது நடுத்தரமாக நிற்கிறது.

என்னென்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் சும்மா போட்டுப் பதிந்துவிட்டார் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. கேசட்டைத் திறந்தபோது நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. காவிரிக் கரைப் பக்கத்து வீடுகளில் பரணில் இருக்கும் கேசட்டுகள் எல்லாமே இப்படித்தான் வருகின்றன. அதை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்தவர் கேசட்டையும் கெடுக்கும். முழு நாடாவையும் துடைத்துச் சுற்ற ஒரு நாள் ஆனது. பிறகு மூன்று டெக்குகளில் ஓட்டிப் பார்த்து, படம் ஆடாமல் நின்ற ஒன்றில் பதிந்தேன். நாடாவில் பூச்சு உதிர்ந்த இடங்களில் மின்னலடிக்கும் வெள்ளைக் கீறல்களை, அதற்கு ஒரு கணம் முந்தைய படத்திலிருந்து துணுக்கு எடுத்து ஒட்டி மறைத்திருக்கிறேன். மாலை மாற்றும் இடத்தில் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. பழைய வீடியோவில் ஒரு படம் என்பது உண்மையில் இரண்டு பாதிகள். ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமாக. கை வேகமாக அசைந்தால் விரல் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தெரியும். அதைச் சேர்த்து ஒன்றாக்கும்போதும் ஒரு சிட்டிகை கூர்மை போகத்தான் செய்யும்.

"ஷார்ப் செய்ய முடியாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், செய்தும் பார்த்தேன். உங்கள் அப்பாயி அட்சதைத் தட்டோடு குனிந்து நிமிரும் அந்த ஆறு விநாடியில்தான் முதலில் முயன்றேன். அவர்கள் இப்போது இல்லை, அசைகிற படமாக இருப்பது இது ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லியிருந்ததால். கூர்மையைக் கூட்டியதும் தாடையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு வந்தது, சுண்ணாம்பால் வரைந்தது போல. மூக்குத்தி ஒரு கணம் இருக்கிறது, மறு கணம் காணவில்லை. கன்னத்துச் சுருக்கம் என்று நினைத்தது நாடாவின் இரைச்சல், அது எறும்பு ஊர்வது போல ஊர்ந்தது. நாடாவில் பதியாததை நான் எங்கிருந்து கொண்டுவருவது? ஓரத்தைத்தான் தடிப்பாக்கலாம். அந்த முகம் அப்பாயி முகமாக எனக்குப் படவில்லை, அதனால் விட்டுவிட்டேன். மூன்று படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்: கேசட்டில் உள்ளபடி, படத்தில் நான் வைத்தபடி, கூர்மை கூட்டியபடி. அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் காட்டி, எது அவர்களுடைய மாமியார் என்று கேளுங்கள்.

இப்போது என் பங்கு. 1992இல் தாலி கட்டும் காட்சியிலிருந்து நேராக 2025இல் தாலி கட்டும் காட்சிக்குத் தாவியிருக்கிறேன், அப்பாவின் கை அதே கோணத்தில் வருகிறது என்று. அந்த வெட்டு எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நொடியில் மங்கலும் தெளிவும் தோளோடு தோள் உரசுகின்றன. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுவது போல, வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அதை மாற்றுகிறேன். நடுவே மூன்று விநாடி, பழைய கல்யாணப் பத்திரிகையின் புகைப்படத்தை வைத்து, கெட்டிமேளத்தை மட்டும் இரண்டு பக்கமும் ஓடவிடுகிறேன். பழைய காட்சிகளையும் திரை முழுக்க நிரப்பாமல், ஆல்பத்தில் ஒட்டிய படம் போல முக்கால் உயரத்துக்குச் சிறிதாக்கி வைக்கலாம். சிறிதானால் மங்கல் பாதி மறையும். ஒரு நிமிட மாதிரி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். இதற்கெல்லாம் தனியாகப் பணம் வேண்டாம்.

உண்மையாகவே தெளிவு கூட ஒரே வழி, இதைவிட நல்ல கேசட் கிடைப்பதுதான். மிக்ஸிங் செய்த இரண்டாவது கேசட் அந்தக் கடையோடு போயிருக்கும். மண்டபத்தில் எடுத்ததன் மேலேயே அடுத்த வாரக் கல்யாணத்தைப் பதிந்திருப்பார்கள், அதுதான் வழக்கம். ஆனால் சில வீடுகளில், தெரிந்தவர்கள் கேட்டு வாங்கியதாக, எடிட் செய்யாத கேசட் பீரோவில் கிடக்கும். படத்தில் பந்தல் காட்சியில் கேமராமேனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர் உங்கள் மயிலாடுதுறை மாமா என்று அம்மா சொன்னார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டு கேசட் இருந்தாலும் அனுப்புங்கள், இதே மூன்றாம் பிரதிதான் என்றாலும் அதில் பூஞ்சை குறைவாக இருக்கலாம். கிடைத்தால் தயவுசெய்து யாரும் அதை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், வெயிலிலும் காயவைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வைத்து அப்படியே கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள். இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் வந்தால் பென் டிரைவில் இறுதிப் பிரதி போடுவதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வராஜ்
கும்பகோணம்

இணைப்பு: மூன்று படங்கள்