ஏற்காடு பச்சைக் காபிக்கொட்டை: முன்பின் அறியாத கடைகளுக்கு அனுப்பும் மெயில்களின் சப்ஜெக்ட் வரிகள்

இந்தப் பருவத்தில் கைவசம் இருப்பது: பிளான்டேஷன் ஏ 22 மூட்டை, பீபெரி 4 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. ஈரப்பதம் 11%. மிளகு 300 கிலோ. சப்ஜெக்டில் இந்த இருப்பைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை.

வறுத்து அரைக்கும் காபிப்பொடிக் கடைகள்

ஏற்காடு பீபெரி, 4 மூட்டை

முதலில் போக வேண்டியது இதுதான். போனில் தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும். நாலைந்து சொல்லுக்குமேல் வெட்டுப்படும். அதனால் ஊரும் சரக்கும் முன்னால், அளவு பின்னால். "வணக்கம்" மெயிலுக்குள் இருக்கட்டும், இங்கே வேண்டாம். சப்ஜெக்டை ஒட்டி மெயிலின் முதல் வரியும் இன்பாக்ஸில் தெரியும் என்பதால், அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்:

"வாஷ்டு அராபிகா, ஈரப்பதம் 11%. 200 கிராம் சாம்பிள் அனுப்புகிறோம், வறுத்துப் பாருங்கள்."

பலகையிலோ பாக்கெட்டிலோ சிக்கரி விகிதம் போட்டிருக்கும் கடைகளுக்கு மட்டும்:

80:20 கலவைக்கு ஏற்காடு அராபிகா

விகிதம் 70:30 என்றால் எண்ணை மாற்றி அனுப்பவும். தெரியாவிட்டால் இந்த வரியே வேண்டாம். சிக்கரியே சேர்க்காத கடைக்கு இது போனால், தன் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கும்பகோணம் கடைகளுக்குப் பச்சைக் கொட்டை, சேலத்திலிருந்து

ஊர்ப்பெயரை ஊருக்கு ஊர் மாற்றவும்: மதுரை, திருச்சி, ஈரோடு. கடைப்பெயரைச் சேர்க்க வேண்டாம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் மெஷின் போட்ட மெயில் போலத் தெரியும்.

சென்னை, கோவையில் சொந்தமாக வறுக்கும் சிறிய ரோஸ்டர்கள்

ஏற்காடு வாஷ்டு அராபிகா, 1,300 மீட்டர், இந்த அறுவடை

இவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் படிப்பவர்கள், நீளம் தாங்கும். உயரம், பதப்படுத்திய விதம், அறுவடைக் காலம் மூன்றும்தான் இவர்கள் முதலில் கேட்பவை. "மணம் மிக்க", "தரமான" என்ற சொற்கள் இவர்களிடம் எடுபடாது. எல்லா வியாபாரியும் அதையே எழுதுவதால், படிப்பவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஹோட்டல்கள்

காபிப்பொடி நீங்களே அரைக்கிறீர்களா?

உண்மையான கேள்வி. நாம் விற்பது பச்சைக் கொட்டை. ஆம் என்றால் மேலே பேசலாம், இல்லை என்றால் அவர் பொடி வாங்கும் கடையைக் கேட்டு அங்கே எழுதலாம். பதில் தேவைப்படாத கேள்வியைச் சப்ஜெக்டில் வைப்பதில்லை.

மளிகை மொத்த வியாபாரம்

ஏற்காடு மிளகு 300 கிலோ, லிட்டர் எடை 550

இவ்வளவு போதும்.

பதில் வராதவர்களுக்கு, ஐந்து வேலைநாள் கழித்து

முதல் மெயிலுக்கே ரிப்ளை கொடுத்து எழுதவும். அப்போது வரும் "Re:" உண்மையானது. புதிய மெயிலில் "Re:" தட்டி அனுப்பினால் ஏற்கெனவே பேசியதாக நினைத்துத் திறப்பார்கள், ஏமாந்தது தெரிந்ததும் ஸ்பேமில் தள்ளுவார்கள். சிலர் அப்படிச் செய்தாலே போதும், மற்ற கடைகளுக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழத் தொடங்கும்.

மூன்றாவதும் கடைசியுமானது:

பீபெரியில் 2 மூட்டை மீதம்

அனுப்பும் அன்று காலை குடோனில் கேட்டு, உள்ளபடி எண்ணைப் போடவும். மூன்று மூட்டை இருந்தால் 3 என்றே போகட்டும்.

எழுதிப் பார்த்து விலக்கியவை

"உங்கள் ஆர்டர் குறித்து": ஆர்டரே இல்லை. "கடைசி வாய்ப்பு!": அடுத்த வருடமும் செடி காய்க்கும். "காபி பிரியர்களுக்கு ஓர் இனிய செய்தி": என்ன சரக்கு என்றே தெரியவில்லை. "மிகக் குறைந்த விலையில்": சாம்பிளை வறுத்துப் பார்க்குமுன் விலை பேசினால் சரக்கில் குறை இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும்.

அனுப்பும்போது

அனுப்புநர் பெயரில் ஆள் பெயரும் ஏற்காடும் இருக்கட்டும். "சேல்ஸ்" என்று இருந்தால் நல்ல சப்ஜெக்டும் வீண். பட்டியலை எக்செலில் சேமிக்கும்போது `CSV UTF-8` தேர்வு செய்யவும். சாதாரண CSV-யில் தமிழ் முழுக்க `????` ஆகிவிடும். முதலில் நம் போன்கள் இரண்டுக்கு, ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், அனுப்பி, வரி எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்க்கவும். ஒரு நாளைக்கு 20 கடைகளுக்குமேல் வேண்டாம்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் மெயில், படிக்காத மெயிலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால் திறந்ததாகவே காட்டும். ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் எதிரே எத்தனை பதில், எத்தனை சாம்பிள் முகவரி வந்தது என்று மட்டும் எழுதி வைக்கவும். 40 கடைக்கு அனுப்பி ஒரு முகவரியும் வராத வரியை நிறுத்திவிட்டு, அதே குழுவின் அடுத்த வரியை எடுக்கவும்.