ஏபிஜி, எலக்ட்ரோலைட் சீட்டுகளைப் படம் எடுப்பது பற்றி

பயிற்சி மாணவர்களுக்கு,

திங்கட்கிழமை முதல் ஏபிஜி, எலக்ட்ரோலைட் அனலைசர்கள் இரண்டிலும் வரும் சீட்டுகளை நீங்கள்தான் படம் எடுத்து ஏற்றப் போகிறீர்கள். படத்திலிருந்து எண்களை எடுத்து அட்டவணையில் போடுவது மென்பொருளின் வேலை. யார் எடுத்த படமாக இருந்தாலும் ஒரே சீட்டுக்கு ஒரே எண்தான் வர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

சீட்டு தெர்மல் தாள். சூடோ வெயிலோ சானிடைசர் ஈரமோ பட்டால் எழுத்து கெட்டுவிடும். அதனால் அச்சாகி வந்ததுமே எடுத்துவிடுங்கள், கோட் பாக்கெட்டில் போட்டு வைக்காதீர்கள். ஜன்னலோர மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்பு அட்டையில் சீட்டை விரித்து, சுருளும் இரு முனைகளிலும் ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். மேலே இருக்கும் தேதி, நேரம், சாம்பிள் எண்ணை ஸ்கேல் மறைக்கக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம், தாள் பளபளத்து நடுவில் நாலு வரி காணாமல் போகும். போனைச் சீட்டுக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்து எடுத்தால் வரிகள் கலந்து, பக்கத்தில் அச்சாகியிருக்கும் நார்மல் ரேஞ்சின் எண்ணே ரீடிங்காகப் பதிவாகலாம்.

புள்ளியும் கழித்தல் குறியும்தான் என் பெரிய கவலை. K+ 4.1 என்பது 41 ஆக விழுந்தால் பார்த்த உடனே யாரும் பிடித்துவிடுவார்கள், அப்படி ஒரு பொட்டாசியம் கிடையாது. ஆனால் BE -6.3 என்பதில் அந்தச் சின்னக் கோடு மட்டும் போய் 6.3 என்று விழுந்தால்? அதுவும் நடக்கக்கூடிய எண்தான். அமிலம் மிகுந்த நோயாளி காரம் மிகுந்தவராகப் பதிவாவார், அட்டவணையைப் பார்ப்பவருக்குச் சட்டென்று சந்தேகம் வராது. பார்த்தாலே தப்பு என்று தெரியாத தப்புதான் ஆபத்து.

இதனால்தான் போனில் இருக்கும் ‘ஸ்கேன்’ கறுப்பு-வெள்ளை முறை வேண்டாம் என்கிறேன். படம் பளிச்சென்று தெரியும். ஆனால் மங்கலான புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும். சாதாரண கேமராவே போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம், படம் நசுங்கிவிடும். லேப் போனிலிருந்து கேபிள் வழியாக நேராக ஏற்றுங்கள். சொந்தப் போனில் ஒரு சீட்டுகூட இருக்கக் கூடாது. நோயாளியின் பெயர் அச்சாகியிருந்தால் அந்த வரியை மட்டும் தாள் துண்டால் மறையுங்கள்.

ஒரு படத்தில் ஒரு சீட்டுதான். கோப்பின் பெயர் இப்படி இருக்கட்டும்:

```
20250616_ABG_0147_R1.jpg
```

அதே சாம்பிளைத் திரும்ப ஓட்டினால் R2. முதல் படத்தை அழிக்காதீர்கள், இரண்டும் வேண்டும்.

எழுத்து மங்கியிருந்தால் பேனாவால் மேலெழுதாதீர்கள். அனலைசரின் நினைவகத்திலிருந்து மறுபடி அச்செடுக்கலாம், இரவுப் பணி டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டால் காட்டுவார். ஏற்றியதும் ஒருவர் சீட்டைப் பார்த்து K+, pH, BE மூன்றையும் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அட்டவணையில் கை வைக்காமல், சீட்டோடு என்னிடம் வாருங்கள்.

— லேப் மேற்பார்வையாளர், உயிர்வேதியியல் பிரிவு