புலியை நடுங்கவைத்த சொட்டு

எல்லாரும் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதைக்குக் காது மட்டும் போதாது, கையும் வாயும் வேண்டும். நான் "மழை" என்றதும் நீங்கள் தொடையில் தட்ட வேண்டும். சடசடசடசட! பின்வரிசையில் இன்னும் பலமாக! சடசடசடசட! ஆகா, ஐப்பசி அடைமழை வந்துவிட்டது. ஆரம்பிக்கலாம்.

களக்காட்டு மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மேற்கே மலை, கிழக்கே குளம். ஊர்க் கடைசியில் பனையோலை வேய்ந்த ஒரு மண் வீடு. அதில் வள்ளியம்மாள் பாட்டியும் அவள் பேரன் முத்துவும் இருந்தார்கள். கோடையிலேயே கூரைக்குப் புது ஓலை போட்டிருக்க வேண்டும். ஓலை வாங்கக் கையில் காசு இல்லாததால் பாட்டி அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி பிடித்தது மழை. சடசடசடசட! வானத்தில் பளீர்! பளீர்! பின்னாலேயே இடி. கடமுட கடமுட... டமார்! குளத்துத் தவளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கொர்ர்ர்... கொர்ர்ர்!

கூரை ஒழுக ஆரம்பித்தது. முதல் ஒழுக்கல் அடுப்புப் பக்கம். பாட்டி ஓடிப்போய்ப் பித்தளைச் செம்பை வைத்தாள். டிங்! அடுத்தது நெல் மூட்டைக்கு மேலே. மூட்டையை நகர்த்திவிட்டு மண்பானையை வைத்தாள். டொப்! கதவோரம் ஒன்று. அங்கே தகர டப்பா. டக்! பாய்க்குப் பக்கத்தில் ஒன்று. அங்கே சாப்பிடுகிற தட்டு. டண்!

இந்தப் பக்கம் இருப்பவர்கள் செம்பு. நடுவில் இருப்பவர்கள் பானை. அந்தப் பக்கம் டப்பா. நான் தட்டு. எங்கே, சேர்ந்து சொல்லுவோம்.

டிங்! டொப்! டக்! டண்!
டிங்! டொப்! டக்! டண்!

வீட்டில் வேறு பாத்திரமே இல்லை. அப்போது பார்த்து முத்துவின் உச்சந்தலையில் ஒன்று விழுந்தது. சொட்!

அதே நேரத்தில் மலையிலிருந்து ஒரு புலி இறங்கி வந்தது. மழை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆற்றையே நீந்திக் கடக்கிற பிராணி அல்லவா? ஆனால் இரை ஒன்றும் அகப்படவில்லை. வயிறு கடமுட என்றது. பூனை நடை நடந்து, பாட்டி வீட்டின் பின்சுவரோரம் வந்து இருட்டில் பதுங்கிக்கொண்டது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. புலி காதைத் தீட்டியது.

"பாட்டி, மலையிலிருந்து புலி வந்துவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டான் முத்து.

செம்பைக் காலி செய்துகொண்டிருந்த பாட்டிக்கு அலுப்புத் தாங்கவில்லை. "புலி கிடக்கிறது போ, ராசா! புலி வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் இந்தச் சொட்டுக்குத்தான். கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது. ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. அதனிடமிருந்து யாரும் தப்ப முடியாது!"

புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'சொட்டா? யார் அது? என்னைவிடப் பெரிய ஆளா? கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே வருமா? எனக்கே அது முடியாதே!'

இருட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கச் சொட்டு வளர்ந்துகொண்டே போனது. முதலில் அதற்கு இரண்டு தலை முளைத்தது. பிறகு பத்துக் கை. பிறகு பனைமரம் உயரத்துக்கு உடம்பு. உங்களில் யாராவது இன்னும் ஏதாவது சேர்க்கிறீர்களா? நெருப்புக் கண்ணா? சரி, நெருப்புக் கண்ணும் வந்துவிட்டது. கூரை ஓரத்திலிருந்து ஒரு துளி புலியின் வாலில் விழுந்தது. சொட்! புலி கண்ணை இறுக மூடிக்கொண்டது. உடம்பெல்லாம் வெடவெட, வெடவெட.

இப்போது அந்தப் பக்கம் ஒருவர் வந்தார். பானை செய்கிற மாடசாமி மாமா. குளத்திலிருந்து மண் சுமந்து வருகிற அவருடைய கழுதை, பெயர் சிங்காரி, இடிச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போயிருந்தது. கையில் விளக்கு இல்லை, கயிறு மட்டும். சேற்றில் சளக்... புளக்... சளக்... புளக் என்று தேடிக்கொண்டே வந்தார்.

சுவரோரம் கை வைத்தார். ஈரமான ரோமம். மேலே தடவினார். காது!

"அடி சிங்காரி! இங்கேயா ஒளிந்துகொண்டிருக்கிறாய்?" காதைப் பிடித்து ஒரு திருகு. முதுகில் பட்டென்று ஓர் அடி. கழுத்தில் கயிற்றைப் போட்டார். ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தார்.

'செத்தேன்! சொட்டு என்னைப் பிடித்துவிட்டது!'

எடுத்தது ஓட்டம். திடுதிடு திடுதிடு! எல்லாரும் ஓடுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே! திடுதிடு திடுதிடு! குளத்தங்கரை மேல் ஏறி, வாய்க்காலைத் தாண்டி, தொபுக்! சேற்றில் வழுக்கி, சர்ர்ர்! எழுந்து மறுபடியும் திடுதிடு திடுதிடு!

"நேற்றுவரை பத்து அடிக்கு ஒரு தடவை நிற்பாய். இன்றைக்கு என்ன இத்தனை வேகம்!" என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

புலி ஒரே ஒரு முறை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும். மின்னல் வெளிச்சத்தில் மாமாவின் நனைந்த தலைப்பாகை தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிய பல், அவ்வளவு பெரிய நகம், எல்லாம் இருந்தன. ஆனால் அது திரும்பவே இல்லை. கண்ணையும் திறக்கவில்லை.

மாமா வீட்டு வாசலில் வேப்பமரத்தில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்! கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்!

விடிந்தது. கொக்கரக்கோ! செல்லத்தாய் அத்தை கதவைத் திறந்தாள். கிரீச்ச்ச்.

"இங்கே வாருங்களேன். நம் கழுதைக்கு உடம்பெல்லாம் கோடு கோடாக வரைந்துவிட்டது யார்?"

மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கோடு. மீசை. வாயோரம் பல்.

"பு... பு... பு... புலி!"

படார் என்று கதவு சாத்திக்கொண்டது. தடக், தடக் என்று இரண்டு தாழ்ப்பாள். ராத்திரி காதைத் திருகிய கை இப்போது கிடுகிடு என்று ஆடியது. அவர் கூச்சலில் ஊரே கம்பும் அரிவாளுமாக ஓடி வந்தது. பாட்டியும் முத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாரும் தள்ளியே நின்றார்கள்.

புலியோ கண்ணை மூடி மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேப்பிலையிலிருந்து ஒரு துளி அதன் மூக்கில் விழுந்தது. சொட்!

"ஐயோ! சொட்டு! சொட்டு!" என்று அலறியது புலி.

முத்துவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "பாட்டி! நேற்று ராத்திரி நீ சொன்னதை இது கேட்டிருக்கிறது! புலியே, கண்ணைத் திறந்து பார்! அது வெறும் தண்ணீர்!"

எங்கே? புலி இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

"அடித்துப் போடலாம்" என்றார்கள் சிலர். பாட்டி குறுக்கே வந்தாள். "பயந்து நிற்கிற பிராணியை அடிப்பீர்களா? அது காட்டுக்குப் போகட்டும்." மாமா ஜன்னல் வழியாகத் துறட்டியை நீட்டினார். ஆட்டுக்குக் குழை அறுக்கிற அந்த நீளத் துறட்டியால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். சரக்! கயிறு அறுந்தது. புலி விர்ர்ரென்று பாய்ந்து மலைக்குள் மறைந்தது.

காட்டில் நரி எதிரே வந்தது. "புலி அண்ணா, ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?"

"சொட்டு துரத்துகிறது, தம்பி! நீயும் ஓடிவிடு!"

"சொட்டா? எப்படி இருக்கும்?"

"இரண்டு தலை, பத்துக் கை, நெருப்புக் கண்!"

"நீங்கள் பார்த்தீர்களா?"

புலி வாயைத் திறந்தது. மூடியது. "பார்க்கவில்லை."

"பார்க்காமலே பத்துக் கை என்று எப்படித் தெரியும்?"

புலியிடம் பதில் இல்லை. அந்த நேரம் மேலே இருந்த தேக்கிலையிலிருந்து மூக்கின் மேல் விழுந்தது. சொட்!

கண்ணை மூடப்போன புலி நரியைப் பார்த்தது. நரி சும்மா நின்றுகொண்டிருந்தது. புலி மெல்ல, மிக மெல்ல, ஒரு கண்ணை மட்டும் திறந்தது. மூக்கின் நுனியில் ஒரு துளி மின்னியது. நாக்கை நீட்டி ஒரு நக்கு. ஸ்ஸ்ளக்!

"தண்ணீர்! தம்பி, இது தண்ணீர்! இதற்காகவா நான் ராத்திரி முழுக்க ஓடினேன்?"

இலைக்கு இலை தாவிப் போய் எல்லாத் துளியையும் நக்கித் தீர்த்தது. ஸ்ஸ்ளக்! ஸ்ஸ்ளக்! ஸ்ஸ்ளக்!

ஊரில் மழை விட்டதும் மாமாவும் மற்றவர்களும் புது ஓலை கொண்டுவந்து பாட்டியின் கூரையை வேய்ந்து கொடுத்தார்கள். செம்பும் பானையும் டப்பாவும் தட்டும் அவரவர் இடத்துக்குப் போயின.

அன்று ராத்திரி வீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... புர்ர்ர்! முத்து பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு தலையோ? பத்துக் கையோ? அவன் மனத்திலும் என்னென்னவோ முளைக்கத் தொடங்கியது.

"இரு ராசா, முதலில் பார்த்துவிடுவோம்" என்று பாட்டி அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு ஜன்னலருகே பிடித்தாள். முத்து எம்பிப் பார்த்தான்.

வைக்கோற்போரில் தலையை நுழைத்துக்கொண்டு, கழுத்தில் அறுந்த கயிறோடு, நீளக் காது இரண்டையும் ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தது சிங்காரி!

"மாடசாமி மாமா! உங்கள் கழுதை இங்கே இருக்கிறது!" என்று முத்து கத்தினான். வெளிச்சத்தைக் கண்ட சிங்காரி வாயைத் திறந்தது. எங்கே, எல்லாரும் சேர்ந்து, ஊரே விழித்துக்கொள்கிற மாதிரி...

ஹீ... ஹாஆஆ! ஹீ... ஹாஆஆ!