முறுக்கு முதல் கருவாடு வரை: பழைய வண்ணாரப்பேட்டைச் சரக்குப் பட்டியல்

முதலில் நாள் கணக்கு. கீழே சொல்லியிருக்கும் நாள்கள் எல்லாம் பேக்கிங் தேதியிலிருந்து எண்ணப்பட்டவை, பார்சல் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. விமானப் பார்சலுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிந்துவிடும், கப்பல் சரக்குக்கு இரண்டு மாதம்கூட ஆகும். பாக்கெட்டில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அச்சடிக்கிறோம். 05/08/2025 என்றால் ஆகஸ்ட் 5. அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை மே 8 என்று படித்து நல்ல சரக்கைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

கை முறுக்கு, முள்ளு முறுக்கு, தேன்குழல் (200 கிராம், 400 கிராம்)

பச்சரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், சீரகம், பெருங்காயம். பொரிப்பது கடலை எண்ணெயில். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். பிரிக்காமல் 45 நாள், பிரித்த பிறகு 10 நாள்.

முறுக்கு இரண்டு விதமாகக் கெடும், இரண்டும் ஒன்றல்ல. நமத்துப்போனது ஈரத்தால். அதைக் காப்பாற்றலாம். ஓவனை 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி 6 முதல் 8 நிமிடம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், கால் மணி நேரம் ஆறினால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் வேண்டாம், தோல் மாதிரி ஆகிவிடும். சிக்கு வாடை அடிப்பது வேறு சங்கதி. வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டு எண்ணெயே கெட்டுப்போனது அது, எந்த ஓவனும் மீட்காது. அடுப்புக்கு மேல் அலமாரியில், கண்ணாடி பாட்டிலில் அழகாக அடுக்கி வைப்பவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும். பிஸ்கட் டின் போதும், இருட்டு மூலையில் வையுங்கள்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அளவையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பதுதான் பரவலான கணக்கு. 40 × 30 × 30 பெட்டி 7.2 கிலோவாகிறது, உள்ளே இரண்டு கிலோ முறுக்குதான் இருந்தாலும். அதே பெட்டியின் இடுக்குகளில் பொடி, பருப்பு, புளி சேர்த்துக்கொண்டால் கூரியர் கட்டணம் ஏறாது. முறுக்கும் உடையாது.

தட்டை (250 கிராம்)

சேலம் பக்கத்தில் தட்டுவடை, யாழ்ப்பாணத்தார் தட்டை வடை என்பார்கள், எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் செக்கலு. கடலைப் பருப்பு ஊறவைத்துச் சேர்ப்பதால் முறுக்கைவிட ஆயுள் கொஞ்சம் குறைவு, 35 நாள். உடையாத வட்டங்களாக வேண்டுமென்றால் ஆர்டரில் "சாண்ட்விச்சுக்கு" என்று எழுதுங்கள். நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி வைத்து சௌகார்பேட்டை பாணியில் கடிக்கத் தோதான அளவில் எடுத்து வைப்போம்.

அதிரசம் (10 எண்ணம்)

வெல்லப் பாகு, பச்சரிசி, ஏலக்காய், சுக்கு. 15 நாள்தான், அதனால் விமானத்தில் மட்டும். வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிப்போகும். நான்கு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே வையுங்கள், இல்லையென்றால் ஃபிரீசரில். ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த அதிரசத்தில் முத்து முத்தாக இறங்கி இரண்டாம் நாளே பூஞ்சை.

கடலை வகை: பெயர் பார்த்து வாங்குங்கள்

அதிகம் திரும்பி வரும் புகார் இதில்தான். நாங்கள் வேர்க்கடலை என்பது ஈழத்தில் கச்சான், கடலூர் விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. ஈழத்தில் வெறும் "கடலை" என்றால் கொண்டைக்கடலை. பொட்டுக்கடலை தெற்கே பொரிகடலை, சில ஊரில் உடைச்ச கடலை. இதே மாதிரி யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளைச் சர்க்கரை சீனி. குழப்பமாக இருந்தால் பாக்கெட் படத்தைப் பார்த்துத் தொடுங்கள். வறுத்த வேர்க்கடலை 60 நாள், பொட்டுக்கடலை 4 மாதம்.

பொடி, பெருங்காயம், மசாலா

இட்லி மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி, ரசப்பொடி: 100, 250 கிராம், 4 மாதம். ஈர ஸ்பூன் படக்கூடாது, எண்ணெய் குழைப்பது தட்டில்தான். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர்கள் கவனிக்கவும். எள் உள்ள சரக்குகளில் அந்தப் பெயரைத் தனியாக அச்சடித்திருக்கிறோம்.

குருமா மசாலாவில் கசகசா இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், ஒரு கரண்டி என்றாலும் சிக்கல்தான். அந்த முகவரிகளுக்கு முந்திரி சேர்த்த மாற்று மசாலா மட்டுமே அனுப்புவோம், எவ்வளவு கேட்டாலும் பழையது போகாது.

வற்றல், வடாம், அப்பளம்

சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் ஓராண்டு. ஜவ்வரிசி வடாம், கூழ் வடாம் 8 மாதம். வடாம் மார்ச் முதல் மே வரை வெயிலில் காய வைத்தது. ஐப்பசி கார்த்திகையில் புதிதாகக் கேட்டால் கிடைக்காது, அந்த ஈரக் காற்றில் காய்ந்தால் உள்ளே பச்சையாக நிற்கும். அப்பளம் பொரியும்போது நடுவில் தடித்து எழும்பாமல் இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பொரியுங்கள்.

அத்தோ கிட் (இருவருக்கு)

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பாரிமுனைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த சாப்பாடு. பெட்டியில் காய்ந்த நூடுல்ஸ் 200 கிராம், பேஜோ 60 கிராம் (தட்டை போல மெல்லியதாகப் பொரித்தது), பொரித்த வெங்காயம், வறுத்த கடலை மாவு, வறுத்த மிளகாய்த் தூள், புளிக் கட்டி. முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், எலுமிச்சை உங்கள் ஊரில் வாங்குங்கள். நூடுல்ஸை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் கடலை மாவு கட்டிகட்டியாகும். புளி கரைத்த தண்ணீர் கால் டம்ளருக்கு மேல் போகக்கூடாது. பேஜோவை நொறுக்கிப் போடுவது கடைசியில், வாயில் வைக்கும் முன். 50 நாள்.

நெத்திலி, வஞ்சிரம், சுறா கருவாடு (250 கிராம், காசிமேடு)

காற்று உறிஞ்சிய இரட்டை உறை. அறைச் சூட்டில் 2 மாதம், ஃபிரீசரில் 6 மாதம். எல்லா நாட்டுக்கும் போகாது, முகவரி சரிபார்த்த பிறகே பணம் வாங்குவோம்.

மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். விரலால் தேய்த்தால் நறநறவென்றால் உப்பு. பஞ்சு மாதிரி ஒட்டினால் பூஞ்சை. இளஞ்சிவப்பாக நிறம் மாறி வழவழப்பாக இருந்தால் உப்பில் வாழும் கிருமி ஏறியிருக்கிறது, கழுவிச் சமைக்க நினைக்காதீர்கள். படம் அனுப்புங்கள், வேறு அனுப்புகிறோம்.

சமைக்கும் முன் நெத்திலித் தலையைக் கிள்ளி, வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். குழம்பில் உப்பு கடைசியில் பார்த்துப் போடுங்கள். அடுக்குமாடியில் வறுப்பவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்டைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஹாலில் உள்ள புகை அலாரத்துக்குக் கருவாடும் தீயும் ஒன்றுதான்.