இரண்டாம் ஒப்படைப்புக்கான கருவிப் பயன்பாட்டு அறிவிப்பு

பாடம்: அறிமுகப் புள்ளியியல்
ஒப்படைப்பு 2: ஒரே எண்கள், நான்கு படங்கள்
சமர்ப்பிக்கும் நாள்: மார்ச் 14

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாட விதிகளின் 4ஆம் பிரிவு கேட்கிறபடி, இந்த ஒப்படைப்பில் எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினேன் என்று கீழே எழுதியிருக்கிறேன். "மென்பொருள் உதவி பெறப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் விதியின் விளிம்பைத் தாண்டிவிட்டேனோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது. அதனால் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த இடம் கட்டுரையின் முன்னால் வரும் ஆங்கிலச் சுருக்கம். கட்டுரை தமிழில் இருந்தாலும் 120 சொற்களுக்குள் ஓர் ஆங்கிலச் சுருக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதை நானே எழுதி, உலாவியில் இணைத்திருக்கும் இலக்கணத் திருத்தியில் போட்டுப் பார்த்தேன். அது 11 திருத்தங்களைச் சொன்னது. இரவு நேரம், களைப்பு. ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சராசரியும் ஒட்டுறவும் தரவின் வடிவத்தை "மறைக்கக்கூடும்" என்ற பொருளில் நான் எழுதியிருந்தேன். திருத்தப்பட்ட வாக்கியத்தில் "கூடும்" போய் "மறைக்கின்றன" என்று ஆகியிருந்தது. வாக்கியம் முன்னைவிட நறுக்கென்று இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது என் கருத்து அல்ல. கட்டுரை முழுக்க நான் சொல்வது, படம் வரையாமல் எண்ணை மட்டும் பார்த்தால் சில நேரம் ஏமாறுவோம் என்பதுதான். எப்போதும் ஏமாறுவோம் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமும் என்னிடம் இல்லை.

ஆவணத்தின் முந்தைய பதிப்புக்குத் திரும்பிப்போய் மீண்டும் தொடங்கினேன். 11இல் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்: எழுத்துப்பிழை இரண்டு, விடுபட்ட காற்புள்ளி ஒன்று, ஒருமை பன்மைக் குழப்பம் ஒன்று. இவை விதி அனுமதிக்கும் பிழைதிருத்தம் என்றே நினைக்கிறேன். மற்ற ஏழையும் விட்டுவிட்டேன்.

சிக்கல் மூன்றாம் வாக்கியத்தில். கருவி மாற்றிய வடிவத்தை ஒருமுறை படித்துவிட்ட பிறகு, நான் புதிதாக எழுதியதும் கிட்டத்தட்ட அதே வரிசையில், அதே வினைச்சொல்லோடு வந்து நின்றது. மூன்று முறை மாற்றி எழுதியும் அந்தச் சாயல் போகவில்லை. ஆகவே சுருக்கத்தின் மூன்றாம் வாக்கியத்தின் அமைப்பு கருவியிடமிருந்து வந்தது என்றே அறிவிக்கிறேன். என் முதல் வடிவம், கருவி தந்த வடிவம், இப்போது உள்ள வடிவம் மூன்றையும் இணைப்பில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் தர இயலாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

கணக்குகளுக்கு ஆர் மொழியைப் பயன்படுத்தினேன். அன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளும் அதற்குள்ளேயே இருப்பதால் எண்களைக் கையால் தட்டச்சு செய்யவில்லை. முதல் தொகுப்புக்கு ஓட்டிய வரிகள் இவை:

```r
cor(anscombe$x1, anscombe$y1)
coef(lm(y1 ~ x1, data = anscombe))
```

மற்ற மூன்றுக்கும் எண்ணை மட்டும் மாற்றினேன். நான்கிலும் ஒட்டுறவு ஏறத்தாழ 0.816, கோட்டின் வெட்டு 3, சாய்வு 0.5 என்றே வந்தது. இந்த வரிகள் நீங்கள் மூன்றாம் வாரச் செய்முறைத் தாளில் தந்த மாதிரியைப் பார்த்து எழுதியவை.

படங்களை முதலில் விரிதாளில் வரைந்தேன். அது ஒவ்வொரு படத்துக்கும் அச்சின் எல்லையைத் தானாகவே தேர்ந்தெடுத்தது. நான்காம் தொகுப்பில் ஒரு புள்ளியைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் x மதிப்பு 8, அந்த ஒன்றுக்கு மட்டும் 19. அந்தப் படத்தின் அச்சு வேறாகவும் மற்றவற்றின் அச்சு வேறாகவும் இருந்ததால் நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியவில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு ஆர் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு எல்லை கொடுத்து மறுபடி வரைந்தேன். கட்டுரையில் இருப்பவை இரண்டாவதாக வரைந்தவை.

மூலக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால் இரண்டு பத்திகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்தேன். புரிந்துகொள்ள மட்டுமே, அதன் தமிழ் வாக்கியம் எதுவும் என் கட்டுரையில் இல்லை. எடுத்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், ஏனென்றால் நம் பாடநூல் "தொடர்புப் போக்கு" என்று சொல்வதை அது "பின்னடைவு" என்று பெயர்த்திருந்தது. ஏதோ தேர்தலில் தோற்ற கட்சியைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. கலைச்சொற்கள் எல்லாம் பாடநூலில் உள்ளவையே.

முதல் வரைவின் பாதியைக் கைப்பேசியில் பேசித் தட்டச்சு செய்தேன். சொற்கள் என்னுடையவை, அது எழுத்தாக்கியது மட்டும்தான். "ஒட்டுறவு" என்று நான் சொன்ன இடமெல்லாம் "ஒட்டு உறவு" என்று விழுந்திருந்ததைக் கையால் திருத்தினேன். மேற்கோள் பட்டியலை ஜோட்டெரோ கொண்டு உருவாக்கி, ஆண்டையும் பக்க எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

உரையாடிப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையும் இந்த ஒப்படைப்பின் உரைக்கோ, நிரல் வரிகளுக்கோ, படங்களுக்கோ பயன்படுத்தவில்லை. தேடுபொறியில் தேடியபோது முடிவுகளுக்கு மேலே தானாக வந்து நிற்கும் சுருக்கம் கண்ணில் பட்டது உண்மை. அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

கருவி அல்லாத உதவி ஒன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்த அறிவிப்பு அரைகுறைதான். மார்ச் 9 அன்று வகுப்புத் தோழி ஒருவரோடு நூலகத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். மூன்றாம் தொகுப்பில் x மதிப்பு 13 உள்ள புள்ளியை நீக்கிப் பார்க்கலாமே என்ற யோசனை அவருடையது. நீக்கினால் ஒட்டுறவு 0.816இலிருந்து ஏறத்தாழ 1 வரை போகிறது. கட்டுரையின் 5ஆம் பக்க விவாதம் முழுவதும் அதை வைத்தே நிற்கிறது. கணக்கைத் தனியாக, என் கணினியில் போட்டேன். அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை, நான் எழுதியதை அவருக்குக் காட்டவும் இல்லை. கலந்துபேசலாம், எழுத்தைப் பகிரக் கூடாது என்ற விதிக்குள் இது வருகிறது என்று நம்புகிறேன். யோசனை அவருடையது என்று அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். இப்படிக் குறிப்பிடுவது அவருக்கும் தெரியும்.

அப்புறம், திட்டவிலக்கத்தை விளக்கும் இரண்டு வாக்கியங்கள் என்னுடைய முதல் ஒப்படைப்பிலிருந்து எடுத்தவை. அவற்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, எங்கிருந்து வந்தவை என்று காட்டியிருக்கிறேன்.

இணைப்பில் உள்ளவை: ஆங்கிலச் சுருக்கத்தின் மூன்று வடிவங்கள், நிரல் கோப்பு, ஒதுக்கிய விரிதாள் படங்கள், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்ட இரண்டு பத்திகள். ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைப் பார்க்கும் அனுமதியை உங்கள் பாடக் கணக்குக்குக் கொடுத்துவிட்டேன். மார்ச் 11 இரவு 11 மணிக்கு மேல் ஒரே சொடுக்கில் 11 இடங்கள் மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். மேலே நான் சொன்ன இடம் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் மாணவன்