எழுபது கிலோ, நாற்காலி வேலை: ஒரு நாள் சைவ சாப்பாடு

நீங்கள் சொன்ன விவரம்: வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ, ஒன்பதிலிருந்து ஆறு வரை உட்கார்ந்த வேலை. இந்தக் கணக்குக்கு எடை ஏறாமல் இறங்காமல் இருக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2100 கலோரி போதும். அதிலிருந்து 300 சொச்சம் மட்டும் வெட்டியிருக்கிறேன். மாதம் ஒரு கிலோவோ, கொஞ்சம் கூடவோ குறையும். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் இதைவிட வேகமாக இறக்கினால் ராத்திரி பதினொரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடுவீர்கள்.

காலை 8 மணி. ஓட்ஸ் 50 கிராம், கொழுப்பு குறைந்த பால் 200 மி.லி., ஒரு வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை 15 கிராம். ஓட்ஸை முதல் நாள் ராத்திரியே பாலில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் அடுப்பே வேண்டாம், பழத்தை நறுக்கிப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். சர்க்கரை, தேன் எதுவும் கிடையாது, பழமே போதும். 470 கலோரி, புரதம் 18 கிராம். வேர்க்கடலையை மட்டும் தயவுசெய்து எடை போட்டு எடுங்கள், கைப்பிடி என்று அள்ளினால் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் காபியோ டீயோ, 100 மி.லி. பால் விட்டு, சர்க்கரை இல்லாமல். இரண்டும் சேர்ந்து 100 கலோரி. சர்க்கரையை ஒரேயடியாக விட முடியாவிட்டால் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்காதீர்கள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மதியம் 1 மணி. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், அதுவும் சோற்றில் இல்லை, எண்ணெயில். சோறு 150 கிராம் (வெந்த எடை), 50 கிராம் பருப்பை வேகவைத்துச் செய்த குழம்பு, காய்கறி 200 கிராம், தயிர் 150 கிராம். பருப்புக்கும் காய்க்கும் சேர்த்தே எண்ணெய் ஒரு டீஸ்பூன்தான், பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் 45 கலோரி, கண்ணளவில் சுற்றி ஊற்றினால் சாதாரணமாக மூன்று நான்கு ஸ்பூன் போய்விடும், நாம் வெட்டிய 300-இல் பாதி அங்கேயே காலி. சாப்பிடும்போது கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தட்டில் முதலில் காயைப் போட்டுவிட்டு அப்புறம் சோற்றை வைத்தால் 150 கிராம் குறைவாகத் தெரியாது. மொத்தம் 575 கலோரி, புரதம் 25 கிராம்.

மாலை 5:30. கொண்டைக்கடலை 30 கிராம் (காய்ந்த எடை) ஊறவைத்து உப்புப் போட்டு அவித்தது, கூட ஒரு ஆப்பிள். 190 கலோரி. ஆபீஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு வீட்டுக்குப் போனால் சமையல் முடிவதற்குள் எதையாவது கொறிக்கத் தோன்றும்.

இரவு 8 மணி. சோயா சங்க்ஸ் 40 கிராம், சப்பாத்தி இரண்டு (மாவு 60 கிராம், மேலே எண்ணெய் தடவாமல்), காய்கறி 200 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். சோயாவை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, தண்ணீரை நன்றாகப் பிழிந்து, இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். அப்புறம் தக்காளி வெங்காயத்தோடு வதக்கினால் மசாலா உள்ளே இறங்கும். 450 கலோரி, புரதம் 30 கிராம். சோயா பிடிக்காத நாளில் பன்னீர் 75 கிராம் போடலாம், ஆனால் அதில் கொழுப்பு அதிகம், புரதமும் பாதிக்குப் பக்கத்தில்தான், அன்றைக்கு எண்ணெயை விட்டுவிடுங்கள்.

நாள் முழுக்கக் கூட்டினால் ஏறத்தாழ 1785 கலோரி, புரதம் 86 கிராம், அதாவது கிலோவுக்கு 1.2 கிராம். எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்க இது வேண்டும், கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்கினால் இன்னும் நல்லது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவரோ சிறுநீரகப் பிரச்சினை உள்ளவரோ என்றால் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

எடையைக் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும், வெறும் வயிற்றில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், உப்பு கொஞ்சம் கூடினாலே ஒரு கிலோ ஏறிக் காட்டும், ஏழு நாள் சராசரிதான் கணக்கு. மூன்று வாரமாகியும் சராசரி அசையவில்லை என்றால் மதியச் சோற்றை 100 கிராமாகக் குறைத்து, காலை வேர்க்கடலையை எடுத்துவிடுங்கள், 150 கலோரி குறையும். பருப்பிலும் தயிரிலும் கை வைக்க வேண்டாம்.